எலும்பைக் கழித்த பிறகு

"தம்பி, குழம்பு வைத்த கோழியைக் கணக்கில் எழுத முடியாது. மேக்ரோ எழுதுகிறவன் வேகவைத்த நெஞ்சுக்கறியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்."

நான் இரண்டாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது, பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில் எனக்கு வழிகாட்டிய மூத்த மாணவர் ஒருவர் இப்படிச் சொன்னார். அவர் நல்லவர்; என் நன்மைக்காகத்தான் சொன்னார். ஆயினும் அந்தக் கூற்று தவறு என்பதே என் கருத்து. குழம்பு வைத்த கோழியைக் கணக்கில் எழுத முடியும். அதற்குத் தேவைப்படுவன ஒரு சமையலறைத் தராசும், எலும்பு போட ஒரு மங்கும், தோலைப் பற்றி அடுப்பேற்றும் முன்பே எடுத்துவிட்ட ஒரு முடிவும்தான். இதை நான் சற்றுத் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். அந்தத் தாமதத்திற்குக் கொடுத்த விலையைச் சொன்னால், இப்போது வளாகத்தில் தராசும் கைப்பேசியுமாகச் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்திருக்கும் தம்பி தங்கையர் சிலருக்காவது உதவும்.

மேக்ரோ என்ற சொல் புதியவர்களுக்காக ஒரு வரி. நாம் உண்பதில் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஆகிய மூன்றும் எத்தனை கிராம் என்று நாள்தோறும் எழுதி வைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஒரு கிராம் புரதத்திற்கும் மாவுச்சத்திற்கும் 4 கலோரி, கொழுப்பிற்கு 9 கலோரி. கணக்கு அவ்வளவே. சிக்கல் தொடங்குவது நம் வீட்டுக் கோழிக்கறி எலும்போடும் சில வேளைகளில் தோலோடும் வருவதால்தான்.

அப்போது நான் 80 கிலோ எடையில் இருந்தேன். இளைக்க விரும்பினேன். உணவியல் நிபுணர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.5 கிராம் வீதம் நாளொன்றுக்கு 120 கிராம் புரதம் உண்ணச் சொன்னார். இளைக்கும்போது கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்துவிடாமல் இருக்க அந்தப் புரதம் தேவை என்று விளக்கினார். வளாகத்துக்கு அருகே வாடகை வீட்டில் நாங்கள் நால்வர் இருந்தோம். முறை வைத்துச் சமைப்போம். பெரும்பாலும் மதியமும் இரவும் கோழிக் குழம்புதான். அதைவிட மலிவாக நால்வர் வயிற்றை நிரப்ப எங்களுக்கு வேறொன்றும் தெரியாது. மூத்தவர் சொன்ன நெஞ்சுக்கறியை இரண்டு வாரம் முயன்று பார்த்தேன். நாக்கு மறுத்துவிட்டது. ஆகவே, குழம்பில் கிடந்த துண்டுகளையே தராசில் வைத்து எழுதத் தொடங்கினேன்.

நான் எழுதிய முறை இதுதான். மூன்று துண்டுகளைத் தட்டில் போட்டால் 230 கிராம். செயலியில் வெந்த கோழியின் இறைச்சி என்று தேடினால் 100 கிராமுக்கு 27 கிராம் புரதம் என்று வந்தது. ஆகவே ஒரு வேளைக்கு 62 கிராம், இரு வேளைக்கும் 124 கிராம். இலக்கு 120. மனநிறைவோடு கைப்பேசியை மூடிவிடுவேன். குழம்பை எழுதவே இல்லை. அது வெறும் மசாலாத் தண்ணீர்தானே என்று நினைத்திருந்தேன்.

நான்கு மாதங்களில் 7 கிலோ குறைந்தது. எதிர்பார்த்த வேகத்திலேயே குறைந்ததால் கணக்கில் பிழை இருக்கும் என்ற ஐயமே எழவில்லை. ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. தோளில் 80 கிலோ வைத்து உட்கார்ந்து எழுந்தவன் 65 கிலோவுக்குத் திணறினேன். முகம் ஒட்டியது, கை கால் மெலிந்தது, வயிறு மட்டும் பெரிதாக மாறவில்லை. தேர்வுக் காலத்து அலுப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

உண்மையைக் கண்டுபிடித்தது நானல்லன், என் அறைத்தோழன். அவன் கணக்கியல் மாணவன். ஒரு நாள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவப் போன என்னை நிறுத்தி, ஓரத்தில் குவிந்திருந்த எலும்பைக் காட்டி, "இதையும் தின்றதாகத்தான் எழுதியிருக்கிறாயா?" என்று கேட்டான். வேடிக்கைக்காகத்தான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று இரவே அதே மூன்று துண்டுக் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். குழம்பிலிருந்து எடுத்து வடித்த துண்டுகள் 230 கிராம். உண்ணும் முன் தோலை உரித்துத் தனியே நிறுத்தோம், 22 கிராம். சாப்பிட்டு முடித்ததும் எலும்பு 78 கிராம். அப்படியானால் நான் உண்ட இறைச்சி 130 கிராம்தான். அதில் புரதம் 35 கிராம். தோலிலும் புரதம் உண்டு. குழம்பில் வெந்த தோலில் 100 கிராமுக்கு 15 கிராம் வரை. 22 கிராம் தோலுக்கு அது 3 கிராம். ஆக மொத்தம் 38 கிராம். நான் எழுதியதோ 62. ஒரு வேளைக்கு 24 கிராம் வீதம் நாளுக்கு 48 கிராம் புரதம் தாளில் மட்டும் இருந்திருக்கிறது. 124 என்று நம்பியவன் 76 கிராம் உண்டு வாழ்ந்திருக்கிறேன்.

அது சரி, இத்தனை பெரிய பிழை நான்கு மாதம் எப்படி மறைந்திருந்தது? எல்லாவற்றிலும் நான் முக்கியமாகக் கருதுவது இந்தக் கேள்வியைத்தான். எலும்பை இறைச்சியாக எழுதியதால், உண்ணாத கலோரியையும் உண்டதாக எழுதினேன். 78 கிராமுக்கு அது ஏறத்தாழ 140 கலோரி. மறுபக்கம், தோலை வெறும் இறைச்சி என்று எழுதியதால் அதன் கொழுப்பு விடுபட்டது. எழுதாத குழம்பில் இருந்த எண்ணெயும் தேங்காய்ப்பாலும் விடுபட்டன. 22 கிராம் தோலில் 7 கிராம் கொழுப்பு. இறைச்சியாக எழுதியபோது ஏறிய ஒன்றரைக் கிராமைக் கழித்தாலும் 5 கிராமுக்கு மேல் விடுபட்டிருக்கிறது. தட்டில் ஊற்றிக்கொண்ட 120 கிராம் குழம்பில் இன்னுமொரு 12 கிராம். இவை சேர்ந்து ஏறத்தாழ 160 கலோரி. ஒரு பிழை 140 கூட்டியது, மற்றொரு பிழை 160 குறைத்தது. இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துக்கொண்டன. கலோரிக் கணக்கு சரியாகவே நின்றது. எடை பார்க்கும் தராசும் எனக்கு ஒத்துப் பாடியது. புரதத்திற்கு மட்டும் அப்படி ஈடுகட்ட எதுவும் இல்லை. அதனால்தான், "எடை சரியாகக் குறைகிறதே, பிறகென்ன?" என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுகிறேன். எடை குறைவதை வைத்து எலும்புப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது.

என் பலம் குறைந்ததற்குப் புரதக் குறைவு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தூக்கமும் அந்தப் பருவத்தில் மோசம். ஆனால் இலக்கில் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே உண்டுகொண்டு, முழுதும் உண்டதாக நம்பியது என்னவோ உண்மை.

இதற்கு நம்மவர்கள் கைவசம் வைத்திருக்கும் தீர்வு ஒன்று உண்டு: "மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடு." கேட்க நன்றாக இருக்கிறது, முழுக் கோழிக்கு அது பொய்யும் அன்று. உரித்துச் சுத்தம் செய்த பச்சைக் கோழியில் எலும்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் நம் தட்டில் முழுக் கோழி விழுவதில்லை. சில துண்டுகள்தாம் விழுகின்றன. தொடைத் துண்டில் எலும்பு ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். கால் துண்டில் மூன்றில் ஒன்று. இறக்கையிலோ பாதிக்குச் சற்றே குறைவு. குழம்புக்கு வெட்டும்போது முதுகுப்பக்கத் துண்டுகளும் சேர்ந்துகொள்ளும். அவற்றில் இறைச்சியைத் தேடத்தான் வேண்டும். ஒரே நாளில் என் தட்டிலும் தோழன் தட்டிலும் 200 கிராம் துண்டுகள் விழுந்தன. எனக்குத் தொடை, மிஞ்சிய எலும்பு 45 கிராம். அவனுக்கு இறக்கையும் முதுகும்; மிஞ்சியது 95 கிராம். எனக்குக் கிடைத்தது 155 கிராம் இறைச்சி, 42 கிராம் புரதம். அவனுக்கு 105 கிராம் இறைச்சி, 28 கிராம் புரதம். ஒரே பானை, ஒரே எடை, 14 கிராம் வேறுபாடு. எந்தப் பங்கைக் கழிப்பது?

மேலும், அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது பச்சைக் கோழிக்கு உரியது. வேகும்போது இறைச்சி நீரை இழந்து சுருங்குகிறது. எலும்பு அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. ஆகவே வெந்த துண்டில் எலும்பின் பங்கு கூடிவிடுகிறது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு முழுக் கோழியை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்துப் பார்த்தேன்.

அந்த வார இறுதியைச் சொல்லும் முன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூத்தவரின் அறிவுரை என் மனத்தில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாடகை வீட்டில் நாக்கு வென்றாலும், ஊருக்குப் போகும்போது நான் கட்டுப்பாடு மிக்கவனாக நடித்தேன். அம்மா ஞாயிறு காலையே எழுந்து மசாலா அரைத்துக் கோழிக் குழம்பு வைப்பார். நானோ கொண்டுபோன நெஞ்சுக்கறியை உப்பும் மிளகுத்தூளும் போட்டு வேகவைத்து, அதே மேசையில் அமர்ந்து தின்பேன். மூன்று மாதம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் மாதம், "என்னாப்பா, நான் வைக்கிற கறி ஒனக்கு ஆகாமப் போச்சா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில், "இல்லம்மா, இதை எழுத முடியாது." அந்தப் பதிலை இன்று நினைத்தாலும் கூசுகிறது. வாடகை வீட்டில் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டிருந்தவன், அம்மாவின் கறியை மட்டும் எழுத முடியாதது என்று ஒதுக்கினேன்.

அறைத்தோழன் எலும்பைக் காட்டியதற்கு அடுத்த வாரம் தராசையும் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். சனிக்கிழமை காலை அப்பாவோடு சந்தைக்குச் சென்று, தலையும் காலும் குடலும் நீக்கிய கோழி ஒன்றை வாங்கினேன், 1,410 கிராம். தோலை முழுதாக உரித்துவிட்டுப் பதினாறு துண்டுகளாக வெட்டச் சொன்னேன். உரித்த தோலையும் தனிப் பையில் போட்டுத் தரும்படி கேட்டபோது கோழிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்து நிறுத்தால் தோலும் அதோடு ஒட்டியிருந்த கொழுப்பும் 160 கிராம். எலும்போடு துண்டுகள் 1,250 கிராம். பச்சைத் தோலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. ஆக, அந்தச் சிறிய பையில் 50 கிராமுக்குக் குறையாத கொழுப்பு இருந்தது. அடுப்பேற்றும் முன்பே அது எங்கள் பானையை விட்டு வெளியேறிவிட்டது.

அம்மா எப்போதும்போல் சமைத்தார். நான் எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் மட்டும் குறித்துக்கொண்டேன். எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, அதாவது 56 கிராம் கொழுப்பு. தேங்காய்ப்பால் 200 மில்லி பெட்டி ஒன்று. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தபடி 40 கிராம் கொழுப்பு. சமைத்து முடித்ததும் துண்டுகளை எல்லாம் வடித்தெடுத்து நிறுத்தேன், 1,010 கிராம். குழம்பு தனியாக 1,100 கிராம். பிறகு எல்லாவற்றையும் மீண்டும் பானையில் போட்டுவிட்டு, வீட்டார் நால்வரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: எலும்பைக் குப்பையில் போடாதீர்கள், இந்த மங்கில் போடுங்கள். இரண்டு நாளில் பானை காலியானது. மங்கில் 390 கிராம் எலும்பு சேர்ந்திருந்தது. எலும்பின் முனையிலுள்ள குருத்தெலும்பை அப்பா மென்று விழுங்கிவிடுவார். அதனால் இன்னும் சில கிராம் கூடியிருக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பச்சையாக 1,250 கிராமில் எலும்பு 390 என்றால் 31 விழுக்காடு. வெந்த பிறகு 1,010 கிராமில் அதே 390 கிராம் 39 விழுக்காடு ஆகிவிட்டது. வெந்த துண்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் கழிப்பவர், தொடையும் இறக்கையும் பார்க்காமல் பானை முழுவதற்கும் கழித்தாலுங்கூட, எலும்பில் கொஞ்சத்தை இறைச்சியாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

புரதத்தை இரு வழியில் கணக்கிட்டேன். முதல் வழி பச்சை எடை: 1,250இல் 390 போக இறைச்சி 860 கிராம், தோல் நீக்கிய பச்சைக் கோழியிறைச்சியில் 100 கிராமுக்கு 21 கிராம் புரதம், ஆகவே பானை முழுவதிலும் 180 கிராம். இரண்டாம் வழி வெந்த எடை: 1,010இல் 390 போக 620 கிராம், 100 கிராமுக்கு 27 கிராம் வீதம் 167 கிராம். இரண்டுக்கும் இடையே 13 கிராம் வேறுபாடு. இறைச்சியிலிருந்து சிறிது புரதம் குழம்பில் கரைகிறது. வெந்த எலும்பு பச்சை எலும்பைவிடச் சற்று இலேசாகிவிடுவதால் முதல் வழி கொஞ்சம் கூட்டிக் காட்டவும் செய்கிறது. நால்வர் இரண்டு நாள் உண்ட பானைக்கு 13 கிராம் என்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. எலும்பைக் கழிக்காமல் பச்சை எடையை அப்படியே எழுதியிருந்தால் 262 கிராம் என்று வந்திருக்கும். அந்த 82 கிராம்தான் கவலைக்குரியது.

இங்கே இன்னொரு குழியும் இருக்கிறது. பச்சை எடைக்குப் பச்சைக் கணக்கு, வெந்த எடைக்கு வெந்த கணக்கு. பலர் பச்சையாக நிறுத்துவிட்டு, வெந்த இறைச்சிக்குரிய 27 என்ற எண்ணால் பெருக்குகிறார்கள். 860 கிராமை 27ஆல் பெருக்கினால் 232 கிராம்; வெந்துபோன நீரையெல்லாம் புரதமாக எழுதியதாகிறது. அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுகளைப் பெரும்பாலான செயலிகள் எடுத்தாளுகின்றன. அவற்றில் கோழியைத் தேடும்போது நான்கு சொற்களைக் கவனித்தால் போதும். `meat only` என்றால் தோல் இல்லாத இறைச்சி. `meat and skin` என்றால் தோலோடு. `raw` என்றால் பச்சை, `stewed` என்றால் நீரில் வெந்தது. அந்தப் பட்டியலில் தரப்படும் 100 கிராம் என்பது உண்ணத்தக்க பகுதியின் எடை. பெயரில் கோழிக்கால் என்று இருந்தாலும் அந்த 100 கிராமில் எலும்பு கிடையாது. நான் ஏமாந்தது அங்கேதான். யாரோ ஒருவர் தாமாகச் சேர்த்த "கோழிக் குழம்பு ஒரு கிண்ணம்" போன்ற பதிவுகளை நான் தொடுவதே இல்லை. அவர் கிண்ணத்தில் எத்தனை எலும்பு கிடந்ததோ.

நாள்தோறும் இப்படிப் பானையை வடிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, தேவையும் இல்லை. தட்டளவில் செய்தால் போதும். நான் செய்வது இப்படி. ஒரு வெறும் மங்கின் எடையை முதலில் பார்த்து, அதன் அடியில் அழியாத மையால் எழுதிவிட்டேன். தராசின் பூச்சியப் பொத்தானை நம்பி அப்படியே விட்டுவிட்டு உண்ணப் போனால், நாம் திரும்பி வருவதற்குள் பல தராசுகள் தாமாக அணைந்து பூச்சியத்தை மறந்துவிடும். அந்த ஏமாற்றம் எனக்குப் பலமுறை நேர்ந்தது. கரண்டியைப் பானை விளிம்பில் சாய்த்துக் குழம்பை வடியவிட்டு, துண்டுகளை மங்கில் போட்டு நிறுப்பேன். குழம்பைத் தனியே ஊற்றி நிறுப்பேன். உண்டு முடித்ததும் எலும்பு எல்லாவற்றையும் அதே மங்கில் போட்டு மூன்றாம் முறை நிறுப்பேன். பட்டையும் கறிவேப்பிலையும் எலும்போடு சேரக்கூடாது. அவை குழம்போடு வந்தவை. துண்டில் ஒட்டிய குழம்பு கொஞ்சம் இறைச்சியாகக் கணக்கில் ஏறும். ஒருமுறை ஒரு துண்டைச் சுடுநீரில் அலசி நிறுத்துப் பார்த்தேன். 8 கிராம் குறைந்தது. அதற்குமேல் அதை நான் துரத்தவில்லை.

தோல்தான் எலும்பைவிடச் சிக்கலானது. எலும்பு கடைசிவரை எலும்பாகவே இருந்து மங்கில் வந்து சேரும். தோல் அப்படியன்று, அதன் கொழுப்பு வேகும்போதே உருகிக் குழம்புக்குப் போய்விடுகிறது. எங்கள் வாடகை வீட்டில் ஒரு தோழன் தட்டில் தோலை மட்டும் உரித்து ஒதுக்கி வைத்துவிட்டு, கொழுப்பைத் தவிர்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வான். பிறகு அதே குழம்பை மூன்று கரண்டி சோற்றில் ஊற்றிப் பிசைவான். அவன் ஒதுக்கியது பாதியைத்தான். மீதி அவன் சோற்றில்தான் மிதந்தது. ஆகவே தோலைப் பற்றிய முடிவைத் தட்டில் எடுப்பது பயனற்றது என்பது என் கருத்து. சந்தையிலேயே எடுக்க வேண்டும். தோலோடுதான் சமைக்கப் போகிறோம் என்றால், பச்சைத் தோலை நிறுக்காவிட்டாலும் கோழியின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தோல் என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்றும் கொண்டு, அதில் பாதியைக் குழம்பின் கணக்கிலும் பாதியைத் தோலின் கணக்கிலும் எழுதிவிடலாம். இது தோராயம்தான், ஆனால் ஒன்றும் எழுதாமல் விடுவதைவிட நெருக்கமானது.

குழம்பை ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை வழித்தெறிந்தால் போதாதா என்று தங்கை ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வழித்தெறிவது பயன் தரும். அதை நிறுத்துக் கழித்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் அப்படி உறைவதெல்லாம் கோழிக்கொழுப்பு என்று எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டில் பெரும்பாலும் சமைப்பது செம்பனை எண்ணெயில். அதுவும் குளிரில் உறையும். தேங்காய்ப்பாலின் கொழுப்பும் உறையும். ஆகவே தோல் நீக்கிச் சமைத்த குழம்பிலும் மேலே ஓர் ஆடை படியத்தான் செய்யும். அதைப் பார்த்துத் தோலுரித்தது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவின் பானையில் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து 96 கிராம். 1,100 கிராம் குழம்புக்கு அது 100 கிராமுக்கு 9 கிராம் வரை. குழம்பின் கணக்கு அவ்வளவுதான். தோலோடு சமைத்திருந்தால் அது 11 கிராம் வரை ஏறியிருக்கும்.

எத்தனை காலத்துக்கு நிறுப்பது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஏழெட்டு வேளை போதும். அதற்குள் நம் வீட்டுக் கரண்டியில் எவ்வளவு குழம்பு, நம் கோழிக்காரர் வெட்டும் தொடைத்துண்டில் எவ்வளவு இறைச்சி என்பது கண்ணுக்குப் பழகிவிடும். வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எடை கூடியபோது மட்டும் மீண்டும் இரண்டு வாரம் தராசை எடுத்தேன். சாப்பாட்டு மேசைக்கு வந்தாலே தராசைத் தேடுகிறவர்கள், எழுதாத வேளையை எண்ணித் தூக்கம் இழப்பவர்கள், இந்தக் கணக்கையே விட்டுவிடுவது நல்லது. அப்படி ஆன ஒருவரை எனக்குத் தெரியும்.

மாமாக் கடையிலும் வாழையிலைச் சாப்பாட்டிலும் என்ன செய்வது? அங்கே எண்ணெய்க் கணக்கு நமக்குத் தெரியாது. தெரிந்ததாகப் பாசாங்கு செய்யவும் தேவையில்லை. ஆனால் புரதக் கணக்கு அங்கேயும் ஓரளவு தெரியும். தட்டின் ஓரத்தில் மிஞ்சிய எலும்பைப் பார்த்தால், வந்தது தொடையா இறக்கையா, எத்தனை கிராம் இறைச்சி உள்ளே போனது என்று இப்போது என்னால் 20 கிராம் முன்பின்னாகச் சொல்ல முடிகிறது. முன்பு துண்டைப் பார்த்து எழுதினேன். இப்போது மிச்சத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

ஊரில் அந்த எலும்பு மங்கு இன்னும் இருக்கிறது. அடியில் நான் எழுதிய 214 என்ற எண் பாதி அழிந்துவிட்டது. நான் தராசு கொண்டுபோகாத ஞாயிறுகளிலும் அம்மா அதை என் தட்டுக்கு வலப்பக்கம் வைத்துவிட்டுத்தான் சோறு போடுகிறார். தொடைத் துண்டு இரண்டை எனக்குப் போட்டுவிட்டு, இறக்கையை அப்பாவின் தட்டுக்குத் தள்ளிவிடுகிறார். "ஒங்க அப்பாவுக்கு எலும்பு இருந்தாதான் பிடிக்கும்" என்பார். அப்பா குருத்தெலும்பை மென்றுகொண்டே தலையாட்டுவார்.